அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவி: காலையில் வைஃபை கனெக்ட் ஆகிறது, இன்டர்நெட் மட்டும் வருவதில்லை

காவேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். நான் புனேயில். தீபாவளிக்குப் போனபோது 43 அங்குல கூகுள் டிவி ஒன்று வாங்கி கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறது. மோடம் ரேழியில், டிவி கூடத்தில். நடுவில் இரண்டு சுவர். பழைய வீடு, சுவரெல்லாம் ஒன்றரை அடி கனம். கேபிள் செட்டாப் பாக்ஸ் HDMI 1-ல் மாட்டியிருக்கிறது.

நான் இருந்தவரை எல்லாம் ஓடியது. இப்போது தினமும் காலையில் அம்மா யூடியூபில் உபன்யாசம் போடப் போனால் படம் வருவதில்லை. வைஃபை பெயருக்குக் கீழே Connected, no internet என்று காட்டுகிறதாம். அதே நேரத்தில் அவர்கள் போனில் வாட்ஸ்அப் வேலை செய்கிறது. சில நாள் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. சில நாள் மதியம் வரை வராது, பக்கத்து வீட்டுப் பையன் வந்து எதையோ அழுத்திச் சரி செய்துவிட்டுப் போகிறான்.

இன்னொன்று. அப்பாவுக்கு 7 மணிச் செய்தி கேபிளில் பார்க்க வேண்டும். டிவியைப் போட்டதும் படம் படமாக ஆப்கள் நிறைந்த பக்கம் வந்து நிற்கிறது. அதிலிருந்து கேபிளுக்குப் போக அவருக்குத் தெரியவில்லை. போனில் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் கோபம்தான் வருகிறது. இதை எப்படி ஒரே தடவையில் சரி செய்து வைப்பது?

ராஜா_உறையூர்

சுவர் கனம் என்கிறீர்கள், அதுதான் காரணம். சிக்னல் போதவில்லை. மோடத்தில் 5 GHz வைஃபை இருக்கும், டிவியை அதில் போடுங்கள், வேகம் அதிகம். அப்புறம் டிவியில் IP settings-க்குப் போய், தளத்தின் பெயருக்கு முகவரி தேடித்தரும் DNS-ஐ 8.8.8.8 என்று மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இதே பிரச்சினை, DNS மாற்றியதும் அன்றோடு தீர்ந்தது.

செல்வி_92

அக்கா, நானும் மாமியாருக்கு டிவி வாங்கலாம் என்று இருக்கிறேன். 32 போதுமா, 43 எடுக்கணுமா? ஹால் சின்னது. எந்த கம்பெனி நல்லது என்று யாராவது சொல்லுங்களேன்.

பழைய_லைன்மேன்

காவேரி, ஃபைபர் லைன் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஒன்று, இரவில் படுக்கப் போகும்போது டிவியை ரிமோட்டில் அணைக்கிறார்களா, சுவர் சுவிட்சிலா? மோடத்தையும் சேர்த்து அணைக்கிறார்களா? இரண்டு, நெட் வராத நேரத்தில் டிவியில் தேதி என்ன காட்டுகிறது? மணி இல்லை, தேதி. Settings, System, Date & time-ல் இருக்கும். மூன்று, அம்மாவின் போனை டிவிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் யூடியூப் ஓடுகிறதா?

மூன்றாவது முக்கியம். வைஃபை போனாலும் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வாட்ஸ்அப் வேலை செய்கிறது என்பதை வைத்து வீட்டு நெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

ராஜா, ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டி 5 GHz-ல் போடச் சொல்கிறீர்கள். அது நேர் எதிராகப் போகும். 5 GHz வேகமானதுதான், ஆனால் சுவரைக் கண்டால் 2.4 GHz-ஐவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். மோடமும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் உங்கள் யோசனை சரி.

காவேரிக்கரை

சார், நன்றி. நேற்று வீடியோ காலில் அம்மாவை டிவி பக்கம் போனைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன்.

மோடம், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓடுகின்றன. மோடத்துக்காகவே அந்த ஒயரைப் பின்பக்கமாக ரேழி வரை இழுத்திருக்கிறார்கள். அப்பா இரவு பத்து மணிக்கு அந்த ஒரே சுவிட்சை அணைத்துவிடுவார். இடி மின்னலில் எதிர் வீட்டு டிவி போனதிலிருந்து இது பழக்கம். காலையில் எழுந்ததும் போடுவார்.

தேதியைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். 2023 ஜனவரி 1 என்று காட்டுகிறது.

போன் விஷயமும் நீங்கள் சொன்னபடிதான். சுவிட்சைப் போட்ட உடனே சிம் டேட்டாவை அணைத்துப் பார்த்தால் போனிலும் நெட் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து போனில் வந்துவிட்டது, டிவியில் வரவே இல்லை.

பழைய_லைன்மேன்

அப்படியானால் நடப்பது இதுதான்.

சுவிட்சைப் போட்டதும் மோடமும் டிவியும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. மோடம் முதலில் வைஃபையைப் பரப்பத் தொடங்கிவிடும். ஃபைபர் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு பேசி, லாகின் ஆகி, உண்மையான இன்டர்நெட் வர இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை மோடத்தில் PON என்று எழுதிய விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், லைன் பிடித்தபின் நிலையாக எரியும். அந்த இடைவெளியில் டிவி வைஃபையில் சேர்ந்துகொள்கிறது. சேர்ந்ததும் வெளியே ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது. இல்லை. Connected, no internet என்று போட்டுவிடுகிறது.

இது மட்டும் என்றால் பின்னால் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்குச் சில நாள் சரியாவது இதனால்தான். மதியம் வரை இழுப்பதற்குத் தேதிதான் காரணம். பல டிவிகளில் கடிகாரத்தைக் காப்பாற்ற உள்ளே பேட்டரி கிடையாது. ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கும், கடிகாரம் ஓடும். சுவர் சுவிட்சில் அணைத்தால் கடிகாரம் அழிந்து, ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து தொடங்கும். எழுந்ததும் நெட்டில் கேட்டுச் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முதல் கேள்வி கேட்கும் நொடியில் நெட் இல்லை. சில டிவிகள் மறுபடி கேட்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும்.

தேதி தப்பாக இருந்தால் யூடியூப் ஏன் வராது? டிவி எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்தத் தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2023-ல் இருப்பதாக நினைக்கும் டிவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நம்ப மாட்டேன் என்று கதவைச் சாத்திவிடும். நெட் முழுதாக இருந்தாலும் no internet என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு. மோடத்தின் அடாப்டரை அந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து பிடுங்கி ரேழியிலேயே தனி பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள். அது இரவும் பகலும் எரியட்டும். பெரும்பாலான மோடம் சின்ன அடாப்டரில் ஓடுவது, கரண்ட் பில்லில் பெரிதாகத் தெரியாது. அடுத்து, இன்று ஒரு தடவை தேதியைக் கையால் சரி செய்யுங்கள். Date & time-ல் Automatic date & time-ஐ Off ஆக்கி, தேதியும் மணியும் போட்டு, டிவியில் நெட் வந்ததும் மறுபடி Use network-provided time என்று வைத்துவிடுங்கள். கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். விட்டால் அடுத்த தடவை சுவிட்சை அணைத்ததும் பழைய தேதிக்கே போய் அங்கேயே நிற்கும்.

செய்து முடித்ததும் சோதனை: மோடம் எரிந்துகொண்டிருக்க, டிவி பிளக்கை மட்டும் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டுங்கள். யாரும் எதையும் தொடாமல் யூடியூப் வர வேண்டும். வந்தால் காலைப் பிரச்சினை முடிந்தது.

ராஜா_உறையூர்

தேதி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் எனக்கு DNS மாற்றித்தான் சரியானது, அது பொய் இல்லை. தேதி எங்கள் டிவியில் சரியாகத்தான் இருந்தது.

பழைய_லைன்மேன்

இருக்கலாம் ராஜா. நெட் கம்பெனியின் DNS படுத்துவிட்டால் இதே செய்திதான் வரும். அப்போது வீட்டில் அதே வைஃபையில் இருக்கும் போனிலும் பக்கங்கள் திறக்காது, அல்லது திறக்க வெகு நேரம் பிடிக்கும். காவேரி வீட்டில் கொஞ்ச நேரத்தில் போனில் வந்துவிடுகிறது, டிவியில் மட்டும் இல்லை, தேதியும் தப்பு. வேறு எங்கே தேட வேண்டும்?

இன்னொரு கடைசி வழி, டிவியைப் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார்ப்பது. ஹாட்ஸ்பாட்டில் ஓடினால் டிவியில் குற்றமில்லை, மோடத்தைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் மோடத்தை விட்டுவிட்டு டிவியைப் பாருங்கள்.

தென்றல்_சேலம்

மோடத்தை எப்போதும் எரிய விடுங்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அவங்க அப்பா பயப்படுவது நியாயம்தானே? ஐப்பசி கார்த்திகையில் டெல்டா பக்கம் அடிக்கிற இடி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் இரண்டு மோடம் போயிருக்கிறது.

பழைய_லைன்மேன்

அவர் பயம் நியாயம். எந்த வழியாக வருகிறது என்று மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஏறாது. செம்பு ஒயரில் போன் வந்த காலத்தில் மோடம் போனது பெரும்பாலும் அந்த ஒயர் வழியாகத்தான். இப்போது ஆபத்து கரண்ட் லைன் வழியாகவும், செட்டாப் பாக்ஸுக்கு மொட்டை மாடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வரும் கேபிள் ஒயர் வழியாகவும்தான். அந்தக் கேபிள் ஒயர் செட்டாப் பாக்ஸுக்குள் போய், HDMI வழியாக டிவிக்கே வந்துவிடும். சுவிட்சை அணைத்தாலும் அது மாட்டியபடியேதானே இருக்கிறது? சுவர் சுவிட்சும் ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் தொட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இடி இடிக்கும் நாளில் பிளக்கைப் பிடுங்கி, செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது. இடி தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இடிக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. மோடம் அடாப்டரையும் அன்று மட்டும் பிடுங்கலாம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மோடம் எரியட்டும்.

தென்றல்_சேலம்

வயதானவர் டிவிக்குப் பின்னால் கைவிட்டுக் கேபிள் ஒயரைத் திருகிக்கொண்டிருப்பாரா? எனக்கு ஒப்பவில்லை. தினமும் அணைப்பதே அவருக்குச் சுலபம். காலையில் மோடத்தை முதலில் போட்டு, காபி குடித்துவிட்டு அப்புறம் டிவியைப் போட்டால் போதாதா?

பழைய_லைன்மேன்

அதுவும் ஓடும். மோடத்தின் PON விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியபின் டிவியைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் மறந்தால் அன்று காலை உபன்யாசம் கிடையாது. எது அவர்களுக்கு ஒத்துவரும் என்று அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோமதி_ஆவடி

காவேரி, நான் நெட் பக்கம் வரவில்லை. அப்பாவின் 7 மணிச் செய்திக்கு வருகிறேன். என் மாமனார் வீட்டில் நான்தான் இதைச் சரி செய்து வைத்தேன்.

Settings, System, Power & Energy-க்குள் Power on behavior என்று ஒன்று இருக்கும். அதில் Last used input என்று வைத்துவிடுங்கள். கேபிளில் அணைத்தால் மறுநாள் கேபிளிலேயே எழும். உங்கள் டிவியில் அந்தப் பெயர் வேறு இடத்தில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். அம்மா யூடியூபில் இருக்கும்போது அணைத்தால் காலையில் ஆப் பக்கம்தான் வரும். அதனால் எங்கள் வீட்டில் ராத்திரி கடைசியாகச் செய்தி பார்த்துவிட்டு அணைப்பது வழக்கமாகிவிட்டது.

செட்டாப் பாக்ஸின் பழைய ரிமோட்டை ஒதுக்கிவைக்கச் சொல்லாதீர்கள். கேபிள் சேனலை மாற்ற செட்டாப் பாக்ஸ் ரிமோட், டிவிக்கு டிவி ரிமோட் என்று இரண்டு கையில் வைத்துக்கொள்வதுதான் குழப்பம். HDMI-CEC என்ற வசதியை டிவியில் ஆன் செய்து, செட்டாப் பாக்ஸும் அதற்கு ஒத்துழைத்தால், பெட்டியைப் போட்டாலே டிவி தானாக எழுந்து கேபிளுக்கு வந்துவிடும். அப்பாவுக்கு ஒரே ரிமோட் போதும். எல்லாப் பெட்டியிலும் வராது, உங்கள் பெட்டியில் வருகிறதா பாருங்கள்.

டிவி ரிமோட்டில் நான் செய்தது இது. பணம் கட்டிப் பார்க்கும் ஆப்களுக்கு என்று கீழே நாலு பட்டன் இருக்கும். மாமனார் தெரியாமல் விரல் பட்டு அதில் ஏதோ ஒன்று திறக்கும், உடனே எல்லாம் கெட்டுப்போச்சு என்பார். அந்த நாலின் மேல் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். யூடியூப் பட்டனை மட்டும் விட்டுவிட்டேன். Input பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. போனில் "சிவப்பை அமுக்குங்க மாமா" என்றால் முடிந்தது. Inputs பட்டியலில் HDMI 1 என்ற பெயரையும் கேபிள் என்று மாற்றிவிட்டேன், அதிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

கூகுள் டிவியை முதலில் அமைக்கும்போது Basic TV என்று ஒன்று கேட்கும். அதைத் தேர்ந்தால் ஆப் தொல்லையே கிடையாது, ஆனால் யூடியூபும் கிடையாது. உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

செல்வி_92

பிளாஸ்டர் யோசனை சூப்பர் அக்கா. என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே 🙂

கோமதி_ஆவடி

செல்வி, தனி இழை போடுங்கள், ஆட்கள் வருவார்கள். கண்ணுக்கும் டிவிக்கும் ஆறேழு அடி இருந்தால் 43 எடுங்கள், பெரியவர்களுக்கு எழுத்து தெரிய வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

காவேரிக்கரை

கோமதி, CEC எங்கள் பெட்டியில் வரவில்லை. Power on behavior கிடைத்தது, வைத்தாயிற்று. அப்பா காலையில் டிவியைப் போட்டதும் நேரே செய்தி வந்தது என்று அம்மா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதாவது திருப்தி.

லைன்மேன் சார், மோடத்தை ரேழியில் தனி பிளக்குக்கு மாற்றிவிட்டார்கள். தேதியும் சரியாக இருக்கிறது. காலைப் பிரச்சினை போய்விட்டது. ஆனால் சாயங்காலம் யூடியூப் நின்று நின்று சுற்றுகிறது. டிவியில் வைஃபை சிக்னல் நாலில் இரண்டு கோடுதான்.

பழைய_லைன்மேன்

இப்போதுதான் ராஜா சொன்ன சிக்னல் பிரச்சினைக்கு வருகிறோம்.

அம்மாவின் போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வைஃபையில் மட்டும் இருக்கும்படி செய்து, நெட் வேகம் காட்டும் fast.com தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் பாருங்கள், காலையில் வேண்டாம். யூடியூபில் 1080p படத்துக்கு 5 Mbps போதும். அங்கே 5-க்குக் கீழே வந்து, மோடத்துக்குப் பக்கத்தில் போனதும் நீங்கள் பணம் கட்டும் வேகம் வந்தால், குற்றம் சுவர்தான். மோடத்துக்குப் பக்கத்திலும் குறைவாக வந்தால் கம்பெனிக்குப் புகார் கொடுங்கள்.

மோடம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? பீரோ மேலேயா, இன்வெர்டருக்குப் பின்னாலா?

காவேரிக்கரை

டிவி பக்கத்தில் 3, மோடம் பக்கத்தில் 90-க்கு மேல். மோடம் ரேழியில் இரும்பு பீரோவுக்குப் பின்னால், ஆணியில் தொங்குகிறது. ஃபைபர் போட்டவர் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய_லைன்மேன்

இரும்பு பீரோ ஒன்றே போதும். முதலில் மோடத்தைப் பீரோவின் நிழலிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், ஆளுயரத்தில், கூடத்துக்குப் போகும் வாசலைப் பார்த்தபடி. ஃபைபர் ஒயரை மட்டும் மடித்து இழுக்கக் கூடாது. கூர்மையாக வளைந்தால் வெளிச்சம் கசிந்துவிடும், LOS என்று சிவப்பு விளக்கு எரியும். நீளம் போதவில்லை என்றால் லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

அப்படியும் போதவில்லை என்றால், வைஃபையை அறைக்கு அறை பரப்பும் மெஷ் பெட்டிகள் எல்லாம் வாங்காதீர்கள். கேட்6 லேன் ஒயர் 15 மீட்டர் வாங்கி, உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோய் டிவியின் பின்னால் LAN என்று எழுதிய ஓட்டையில் மாட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. டிவிகளின் அந்த ஓட்டை பெரும்பாலும் 100 Mbps-க்குத்தான், ஆனால் படம் பார்க்க அது தாராளம். வைஃபை கடவுச்சொல் என்ற தலைவலியே அப்புறம் டிவிக்குக் கிடையாது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: மாட்டினால் அதுவும் செம்பு ஒயர்தான், இடி நாளில் அதையும் கழற்ற வேண்டும்.

ராஜா_உறையூர்

15 மீட்டர் ஒயருக்கு வீட்டைக் குடைவதைவிட மெஷ் ஜோடி ஒன்று வாங்குவது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மா போனுக்கும் கொல்லைப்புறம் வரை சிக்னல் கிடைக்குமே.

பழைய_லைன்மேன்

போனுக்கும் வேண்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மெஷ்ஷின் இரண்டாவது பெட்டிக்கும் கூடத்தில் ஒரு பிளக் வேண்டும். அவர் அப்பா பத்து மணிக்கு அதையும் அணைத்துவிடுவார்.

காவேரிக்கரை

பீரோ பின்னாலிருந்து எடுத்து ஜன்னல் மேல் வைத்தார்கள். டிவி பக்கத்தில் இப்போது 14 காட்டுகிறது. அம்மாவுக்குச் சுற்றுவது நின்றுவிட்டது. லேன் ஒயரைப் பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். டிவியில் என் கூகுள் கணக்குதான் போட்டிருக்கிறேன். அம்மா பார்ப்பதெல்லாம் என் யூடியூபில் வந்து நிற்கிறது, தெரியாமல் ஏதாவது வாங்கிவிடுவார்களோ என்றும் பயம். அடுத்து, நெட் கம்பெனியிலிருந்து பழைய மோடத்தை மாற்றிப் புதிது வைக்க வருகிறார்களாம். மறுபடி முதலிலிருந்தா?

கோமதி_ஆவடி

கணக்கில் எனக்கு ஒரு முடிவும் இல்லை. மாமியார் பெயரில் தொடங்கினோம், கடவுச்சொல்லும் போன் நம்பரும் யாரிடம் என்று பிறகு குழப்பமாகிவிட்டது. இப்போது கணவர் கணக்கில் ஓடுகிறது, வாங்குவதற்கு மட்டும் PIN கேட்கும்படி வைத்திருக்கிறோம். வேறு யாராவது நல்ல வழி வைத்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பழைய_லைன்மேன்

புது மோடத்துக்கு: வருகிறவர் வேலையை முடிப்பதற்குள் அவரோடு நீங்களே போனில் பேசுங்கள். புது மோடத்தில் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே போடச் சொல்லுங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து, இடைவெளி உட்பட. பாதுகாப்பு WPA2 அல்லது WPA2/WPA3 என்று இருக்கட்டும். WPA3 மட்டும் என்று வைத்தால் சில டிவிகள் சேராது. பெயரும் சொல்லும் ஒன்றாக இருந்தால் டிவிக்கும் அப்பா அம்மா போன்களுக்கும் மோடம் மாறியதே தெரியாது. பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் இன்றே அம்மா போனில் பார்த்து எழுதி வையுங்கள். மோடத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனபின் தேடுவது சிரமம்.

காவேரிக்கரை

சரி சார், இன்று சாயங்காலமே கேட்டு எழுதிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.